சிலுவக்கா சொல்லாத மீதி

எங்கள் கம்பெனிக்கு வெளியிலிருந்து போன் செய்தவர்கள் சிலுவையம்மாளை நேரில் பார்த்தால் நம்பமாட்டார்கள். "வணக்கம், சற்று இணைப்பில் இருங்கள்" என்று ரேடியோவில் செய்தி வாசிப்பவர் மாதிரி பேசும் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி, அடுத்த நொடியே ஹெட்போனைக் காதிலிருந்து தள்ளிவிட்டு, "இன்னாமே, டீ வந்துச்சா இல்லியா? நாக்கு வறண்டு கீது" என்று வராந்தாவே அதிரக் கத்துவாள். திருவொற்றியூரில் பம்பு செய்கிற எங்கள் தொழிற்சாலையில் இருபத்தைந்து வருடமாக அவள்தான் டெலிபோன் ஆபரேட்டர். எல்லோருக்கும் சிலுவக்கா.

வாய் மூடாத பெண்பிள்ளை என்றுதான் அவளுக்குப் பெயர். காசிமேட்டில் அன்றைக்கு நெத்திலி என்ன விலை, ராயபுரத்தில் அவள் தெருவில் யாருக்கும் யாருக்கும் குழாயடிச் சண்டை, மாதா கோயில் கொயரில் யார் சுருதி விட்டுப் பாடுகிறார்கள் என்று எல்லாம் வரும். ஆனால் அவள் முன்னால் இருந்த டெலிபோன் போர்டு வழியாகப் போன பேச்சு ஒன்றுகூட வெளியே வராது. சம்பள ஒப்பந்தப் பேச்சு நடந்த சமயத்தில், "எம்.டி யார்கிட்ட பேசுறாரு?" என்று யூனியன்காரர்கள் கேட்டார்கள். "யூனியன்காரங்க யாருக்கு போன் போடுறாங்க?" என்று ஆபீஸ்காரர்கள் கேட்டார்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே பதில்: "லைன் பிஸி." துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அவள் கணவர் அருள்பிரகாசம், "அவ கம்பெனி சேதி எனக்கே பேப்பர்ல வந்தாதான் தெரியும்" என்று சிரிப்பார். நானும் அதையெல்லாம் கேட்டுச் சிரித்தவள்தான். ஒரு நாள் என் விஷயத்திலும் அவள் அந்த வாயை மூடிக்கொண்டபோது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கழுத்தை நெரிக்கலாம்போல ஆத்திரம் வந்தது.

நான் கார்குழலி. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு. ரயில்வேயில் இருந்த அப்பா போன பிறகு அம்மா ராஜாத்தி மாடிப்படி ஓரத்தில் இட்லி விற்றுத்தான் என்னை பி.காம் முடிக்க வைத்தாள். 2002-இல் இந்தக் கம்பெனியில் டெஸ்பாட்ச் பிரிவில் கிளார்க்காகச் சேர்ந்தேன். வேலை நிரந்தரமாகவில்லை. நிரந்தரமாக வேண்டுமென்றால் பிரிவு சூப்பர்வைசர் எழுதி அனுப்ப வேண்டும். அந்த சூப்பர்வைசர் பெயர் திருமலை.

அவர் என்ன செய்தார் என்பதை இங்கே முழுவதும் எழுதப்போவதில்லை. ஒரு முறை, ஒரு அறையில், நான்கு பேருக்கு முன்னால் சொல்லிவிட்டேன், அது போதும். இதை மட்டும் சொல்கிறேன். மற்றவர்கள் லாரிக்குச் சரக்கு ஏற்றக் கீழே இறங்கியதும் அவர் என் மேஜைக்கு வருவார். உன் வேலை என் கையில் இருக்கிறது என்பார். அதற்குப் பதிலாக என்ன வேண்டும் என்பதையும் சொல்வார். சொல்வதோடும் நிற்கவில்லை. லாரி வரும் சத்தம் கேட்டாலே அவர் வருகிறாரா என்று பார்க்க ஆரம்பித்துவிடுவேன். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால், அடுத்த நாளே வேலையை விடச் சொல்வாள், இல்லாவிட்டால் இட்லிக் கரண்டியோடு கம்பெனி கேட்டுக்கே வந்துவிடுவாள். இரண்டுமே எனக்குப் பயம்.

வேலைசெய்யும் இடத்தில் பெண்களுக்குத் தொல்லை வந்தால் விசாரிக்க ஒரு குழு வைக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னதற்குப் பிறகு எங்கள் கம்பெனியிலும் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். கேன்டீனில் இன்றைய சாப்பாடு எழுதும் பலகைக்குப் பக்கத்தில், இங்கிலீஷில். அதன் மேல் யாரோ சாம்பார் கையைத் துடைத்திருந்தார்கள். தலைவி, அக்கவுண்ட்ஸ் மேனேஜர் சபீஹா மேடம். வெளியிலிருந்து ஒரு பெண்கள் அமைப்பைச் சேர்ந்த அம்மா. பர்சனல் ஆபீசர் லட்சுமணன் சார். நான்காவது பெயர், சிலுவையம்மாள். நிரந்தர வேலையில் இருந்த பெண்களே கைவிரல்களுக்குள் அடங்குவார்கள் என்பதால் அவளையும் போட்டிருந்தார்கள்.

ஒரு மதியம் அவள் அறைக்குப் போய் நின்றேன். வாயைத் திறப்பதற்குள் அழுகை வந்தது. அவள் என் வாயைப் பார்த்துக் கையை உயர்த்தினாள்.

"என்கிட்ட வாயால சொல்லாதமே. நான் கமிட்டில கீறேன். எழுதி சபீஹா மேடம் கையில குடு. நாலு பேரும் ஒண்ணா கேக்கணும், நான் மட்டும் தனியா கேக்கக்கூடாது. மொதல்ல இந்தத் தண்ணிய குடி."

எழுதிக் கொடுத்தேன். கூப்பிட்டுக் கேட்டார்கள். கேட்டதை எழுதி வாசித்துக் காட்டினார்கள். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டேன். இதை வெளியே பேசக் கூடாது என்று எனக்கும் சொன்னார்கள், அவருக்கும் சொன்னார்களாம். விசாரணை முடியும்வரை அவரைப் பின்பக்கக் கோடவுனுக்கு மாற்றி வைத்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் மோசம். விசாரணை நடக்கிறது என்பது யாருக்கும் தெரியாது என்றார்கள். ஆனால் எனக்கு எல்லோருக்கும் தெரிந்த மாதிரியே இருந்தது. கேன்டீனில் யாராவது சிரித்தால் என்னைப் பற்றித்தான். செக்யூரிட்டி என் பையைச் சோதித்தால் அவர் சொல்லித்தான். பஸ் ஸ்டாண்டில், வரிசையாக நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவிலிருந்து ஒரு பைக் ஹாரன் கேட்டால், அது அவர் பைக்காக இல்லாவிட்டாலும் ஒரு லாரிக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவேன். எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அந்த அறையில் நான் வாய்விட்டுச் சொன்ன வார்த்தைகள். அவர் என்னிடம் சொன்னதை அப்படியே சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். அந்த வார்த்தைகள் வெளியே போனால், வியாசர்பாடி வரைக்கும் வந்து அம்மா காதில் விழுந்தால், நான் எப்படி அந்த மாடிப்படி ஏறுவேன்?

இப்படி இருக்கும்போதுதான் ஒரு காலையில் கேன்டீன் பலகையில் சாக்பீஸில் எழுதியிருந்தது: "பிரிவு உபசாரம். திரு. திருமலை அவர்கள் ஓசூர் கிளைக்கு மாற்றல். மாலை ஷிஃப்ட் முடிவில். அனைவரும் வருக."

படித்துக்கொண்டு நிற்கும்போதே பின்னாலிருந்து செல்லக்கனி வந்தான். எங்கள் பிரிவு பேக்கர்; நல்ல பையன், விழா என்றால் முதல் ஆள்.

"குழலி, சார் புரமோஷன்ல போறாராம். உனக்குத் தெரியுமா? மால, பொன்னாட எல்லாம் சொல்லியாச்சு. தட்டு நீதான் புடிக்கணும்."

எங்கள் கம்பெனியில் அது வழக்கம். யார் ஓய்வு பெற்றாலும், மாற்றலில் போனாலும், மாலையும் பொன்னாடையும் சந்தனமும் வைத்த தட்டை அந்தப் பிரிவுப் பெண் ஒருத்தி பிடித்துக்கொண்டு மேடையில் நிற்க வேண்டும். எங்கள் பிரிவில் பெண் நான் ஒருத்திதான். சேர்ந்ததிலிருந்து எல்லா விழாவுக்கும் நான்தான் பிடித்திருந்தேன். செல்லக்கனி தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. வழக்கத்தைத்தான் கேட்டான். ஆனால் அந்த நேரத்தில் நான் அப்படி நினைக்கவில்லை. எல்லோரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டு என்னைக் கேவலப்படுத்துகிறார்கள் என்று நினைத்தேன். அந்த ஆளுக்குப் பக்கத்தில், கையில் தட்டோடு, அவர் கழுத்துக்கு மாலை எடுத்துக் கொடுத்தபடி நான். அவர் ஜெயித்துவிட்டார், நான் பொய்க்காரி ஆகிவிட்டேன். போகிறவர் என் வேலைக்கும் வேட்டு வைத்து எழுதிவிட்டுத்தான் போவார். மேஜைக்குப் போய் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து ராஜினாமா எழுதினேன். அதை மடித்துக்கொண்டு நேராகச் சிலுவக்கா அறைக்குப் போனேன்.

"இன்னாக்கா இது? மால போடுறாங்க! என்னையே தட்டு புடிக்கச் சொல்றாங்க! அப்போ நான் சொன்னதெல்லாம் பொய்யா?"

அவள் முகம் மாறியது. தட்டு விஷயம் அவளுக்கும் தோன்றியிருக்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

"குந்துமே."

"குந்தமாட்டேன். சொல்லு. இன்னா ஆச்சு?"

"நான் ஒத்தையா சொல்லக்கூடாது. உனக்கு லெட்டர் ரெடியாவுது. எம்.டி கையெழுத்துக்குப் போயி கீது."

"லெட்டர் வரதுக்குள்ள நான் தட்ட புடிச்சிகினு நிக்கணுமா? ஒரு வார்த்த சொல்லேன்கா. ஜெயிச்சேனா தோத்தேனா?"

"சொல்லமாட்டேன்."

ராஜினாமாவை அவள் போர்டு மேல் வீசினேன். அவள் பிரித்துப் படித்தாள். என்னைத் திட்டவில்லை. ஹெட்போனை மாட்டினாள். அந்த ரேடியோ குரல் வந்தது.

"மேடம், ஆபரேட்டர் பேசுகிறேன். அந்தக் கடிதம் ஷிஃப்ட் முடிவதற்கு முன்னால் தேவைப்படுகிறது... இல்லை மேடம், நாளைக்கு அல்ல. மாலை விழாவில் அந்தப் பிரிவுப் பெண்தான் தட்டு ஏந்த வேண்டுமாம்." அந்தப் பக்கம் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். பிறகு இவள், "சரிங்க மேடம்" என்றாள். போர்டைப் பார்த்துக்கொள்ள ரிசப்ஷன் பெண்ணைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு என்னைக் கையைப் பிடித்து மாடிக்கு அழைத்துப் போனாள்.

சபீஹா மேடம் தன் அறைக் கதவைச் சாத்தினார். அவரே எம்.டி அறைக்குப் போய்க் கையெழுத்து வாங்கி வந்திருக்க வேண்டும், லேசாக மூச்சு வாங்கியது. கடிதம் சின்னது. இங்கிலீஷை வாசித்துவிட்டுத் தமிழிலும் சொன்னார்.

"உங்கள் புகார் விசாரிக்கப்பட்டது. பெறப்பட்ட வாக்குமூலங்களின் அடிப்படையில் புகார் உறுதிசெய்யப்பட்டுள்ளது. விதிகளின்படி உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது."

எங்கள் ஊரில், எங்கள் கம்பெனியில், 'நடவடிக்கை' என்று கடிதத்தில் வந்தால் அது தொழிலாளி மேல்தான். மெமோ, சஸ்பென்ஷன் எல்லாம் அந்த வார்த்தையோடுதான் வரும். "என் மேல இன்னா நடவடிக்கை மேடம்?" என்று கேட்டேன்.

மேடம் திகைத்துப் போய்ச் சிலுவக்காவைப் பார்த்தார். சிலுவக்கா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"கொழலி, இங்க பாரு. நீ சொன்னது நெஜம்னு கமிட்டி எழுதிடுச்சி. நெஜம். கம்பெனியும் ஒத்துகினுச்சி. உன் மேல ஒண்ணும் இல்ல. உன் வேல அவரு கையில இல்ல, உன் ரிப்போர்ட்ட இனிமே வேற ஆளு எழுதுவாரு. நீ வேல செய்யற எடத்துக்கு அவரு வரமாட்டாரு. அவரோ, அவருக்காக வேற யாருனாலுமோ உன்ன எதுனா சொன்னா, பயமுறுத்துனா, அன்னிக்கே எங்ககிட்ட வா. இந்த முடிவு பத்தலன்னாலும் மேல எழுதிக் குடுக்கலாம். இவ்ளோதான் நாங்க உனக்குச் சொல்ல முடியும்."

அழுகை வந்தது. அதோடு கோபமும் வந்தது.

"அவருக்கு இன்னா பண்ணீங்க?"

"அத சொல்லக்கூடாது."

"ஓசூருக்குப் போறது தண்டனையா, புரமோஷனா?"

"அதுவும் சொல்லக்கூடாது."

"யாரு வாக்குமூலம் குடுத்தாங்க? அங்க யாருமே இல்லியே. யாரு பாத்தாங்க?"

"அது சொல்லவே கூடாது."

"அப்போ மால?" என்று கத்திவிட்டேன். "அந்த மால இன்னாத்துக்கு?"

"மாலைய கமிட்டி போடல," என்றாள் சிலுவக்கா. "தெரியாதவங்க போடுறாங்க. அவங்களுக்குத் தெரியாம இருக்கறதாலதான் உன்னப் பத்தியும் தெரியல. ரெண்டும் ஒரே லைன்மே. அவரு பக்கத்த மட்டும் தொறந்துவுட முடியாது."

நியாயம் என்று அப்போது எனக்குப் படவில்லை. ஊரே கைதட்டி அனுப்ப, நான் மட்டும் ஒரு சின்னக் காகிதத்தை ஜாக்கெட்டுக்குள் ஒளித்துக்கொண்டு நிற்க வேண்டுமா? விழாவை நிறுத்துங்கள் என்றேன். நிறுத்தினால் ஏன் என்று கேள்வி வரும், ஒரு மணி நேரத்தில் உன் பெயர் வந்துவிடும் என்றார் மேடம். அவருக்கும் அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கடைசியில் அவர் டெஸ்பாட்சுக்கு போன் செய்து, இன்று மாலை கார்குழலி டெலிபோன் அறையில் மாற்று வேலை பார்க்கட்டும் என்று சொன்னார்.

விழா நேரத்தில் நான் சிலுவக்கா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். செல்லக்கனி மூச்சிரைக்க வந்தான்.

"குழலி, வா வா, தட்டு!"

"அதுக்கு இங்க டியூட்டி," என்றாள் சிலுவக்கா. "ஏன், நீ புடிச்சா தட்டு வேணாம்னுதா? நல்லா தல வாரிகினு போயி நில்லு."

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். சற்று நேரத்தில் கேன்டீன் மைக்கில் பேச்சு கேட்டது. கடின உழைப்பாளி. நேர்மையானவர். தம்பிபோலப் பழகியவர். கைதட்டல். ஒவ்வொரு கைதட்டலுக்கும் நான் சுருங்கினேன். சிலுவக்கா என்னைத் தேற்றவில்லை. வருகிற போனை எடுத்து, "வணக்கம், சற்று இணைப்பில் இருங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

கைதட்டல் ஓய்ந்ததும் எனக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. மாலை போட்ட பிறகு, போகிறவர் ஒவ்வொரு பிரிவாகப் போய்ச் சொல்லிக்கொண்டு வருவதும் எங்கள் வழக்கம். டெலிபோன் அறை கடைசி.

"அக்கா, அவரு இங்க வருவாரு."

சிலுவக்காவுக்கு அதுவும் தோன்றியிருக்கவில்லை. அவள் எழுவதற்குள் வராந்தாவில் பல பேர் நடந்து வரும் செருப்புச் சத்தம் கேட்டது. சிரிப்புச் சத்தம். அந்த மாலையின் ரோஜா வாசனை கதவிடுக்கு வழியாக முதலில் வந்தது. நான் ஸ்டூலிலிருந்து நழுவி போர்டுக்குப் பின்னால், வயர்களுக்கு நடுவில், சுவரோடு ஒட்டிக்கொண்டேன். இருபத்து மூன்று வயதில், பி.காம் படித்தவள், சட்டப்படி ஜெயித்தவள், எலி மாதிரி பதுங்கிக்கொண்டு இருந்தேன். புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன்.

அந்த அறைக் கதவில் 'அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது' என்று ஒரு பலகை உண்டு. ஒருவர்கூட அதை மதித்ததில்லை. சிலுவக்காவே எல்லோரையும் உள்ளே கூப்பிட்டு வைத்துக் கதை பேசுவாள். அன்றைக்கு அவள் எழுந்துபோய் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"வரேன் சிலுவையம்மா," என்றது அவர் குரல். "உள்ள வந்து சொல்லிட்டுப் போறேன்."

"இங்கயே சொல்லுங்க சார். போர்டு ரூம். உள்ள வரக்கூடாது."

"இத்தன வருஷம் இல்லாத சட்டமா?"

"சட்டம் இருந்துச்சி சார். நான்தான் இத்தினி நாள் சும்மா வுட்டுட்டேன்."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஆனால் நான் இரண்டடி தூரத்தில்தான் இருந்தேன், தெளிவாகக் கேட்டது.

"உள்ள யாரு? அதுவா?"

"சொல்றதுக்கில்ல."

"எனக்கு எதிரா யாரு பேசுனாங்கன்னாவது சொல்லும்மா. போற ஆளுதானே. அவ என்னதான் சொன்னா உங்க கமிட்டில?"

"லைன் பிஸி, சார்."

அதே குரல். காலையில் என்னிடம், "அது சொல்லவே கூடாது" என்று சொன்ன அதே குரல். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பொன்னாடை சரசரத்தது. பிறகு செருப்புகள் திரும்பிப் போயின. சுவரோடு ஒட்டியபடியே எனக்கு உறைத்தது: காலையிலிருந்து எந்த வாயைத் திறக்க நான் அப்படிச் சண்டை போட்டேனோ, அது எனக்காகத் திறந்திருந்தால் இப்போது அவருக்காகவும் திறந்திருக்கும். அந்த நான்கு சுவருக்குள் நான் சொன்ன வார்த்தைகள் எல்லாம் அவள் வாய்க்குள்தான் இருந்தன.

சிலுவக்கா கதவைத் தாழிட்டுவிட்டு வந்து நாற்காலியில் விழுந்தாள். "மாதாவே," என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். "எனக்கும் பயமா இருந்துச்சிமே. அந்தாளு தள்ளிகினு வந்துட்டா நான் இன்னா பண்ணியிருப்பேன்?" போர்டு மேல் கிடந்த என் ராஜினாமாவை எடுத்து என் கையில் கொடுத்தாள். "இத குடுக்கறதும் கிழிக்கறதும் உன் இஷ்டம்."

அன்றைக்கு அவள் என்னோடு பஸ் ஸ்டாண்டுவரை வந்து, ஏற்றிவிட்டுத்தான் போனாள். ராஜினாமாவை அடுத்த நாள்தான் கிழித்தேன்.

பயம் ஒரே நாளில் போகவில்லை. பைக் ஹாரன் கேட்டால் லாரிக்குப் பின்னால் ஒதுங்குவது ரொம்ப நாள் இருந்தது. ஆனால் 'வாக்குமூலங்கள்' என்று அந்தக் கடிதத்தில் இருந்த ஒரு சொல் என்னை விடவில்லை. என்னுடையது ஒன்று, அவருடையது ஒன்று. அவர் எனக்காகப் பேசியிருக்கமாட்டார். அப்படியென்றால் வேறு யாரோ. எனக்குத் தெரியாமல் யாரோ பார்த்திருக்கிறார்கள், போய் உண்மையைச் சொல்லியும் இருக்கிறார்கள். கேட் செக்யூரிட்டியா? டீ கொண்டுவருகிறவரா? லாரி லோடுமேனா? யாரென்று தெரியாததால் யாரையும் முறைக்க முடியவில்லை. முன்பு கேன்டீனுக்குள் நுழைந்தால் இதில் எவன் அவருடைய ஆள் என்று பார்ப்பேன். இப்போது, இதில் யார் என் ஆள் என்று பார்க்க ஆரம்பித்தேன். வேலையும் நிரந்தரமானது.

தட்டை மட்டும் அதற்குப் பிறகு நான் தொடவில்லை. செல்லக்கனிதான் பிடித்தான். அவனை எல்லோரும் கிண்டல் செய்து கிண்டல் செய்து, பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

2009-இல் சிலுவக்கா ஓய்வு பெற்றாள். கேன்டீன் பலகையில் அவள் பெயரைப் பார்த்ததும் செல்லக்கனியிடம் போய்த் தட்டை நான் பிடிக்கிறேன் என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். ஒன்றும் கேட்காமல் கொடுத்துவிட்டான். எனக்காகச் சாட்சி சொன்னது நீயா என்று அன்றைக்கும் எனக்குத் தோன்றியது.

மேடையில் அவள் பக்கத்தில் நின்றேன். சபீஹா மேடம் பொன்னாடை போர்த்தினார். கீழே அத்தனை பேரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் யாரோ ஒருவர்தான். மைக்கில் விழாதபடி அவள் காதருகே குனிந்தேன்.

"அக்கா, இன்னிக்கோட உனக்கு டியூட்டி முடிஞ்சிது. இப்பயாவது சொல்லு. எனக்காகப் பேசுனது யாரு?"

அவள் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டபடியே, உதடு அசையாமல் சொன்னாள்:

"தட்ட நேரா புடிமே. சந்தனம் கொட்டுது."